இடது அடிவயிற்று வலியும் நார்ச்சத்தும்: எந்த நாளில் எது?

"என் மாமியாருக்கு 72 வயது. சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. போன மாதம் இடது பக்கம் அடிவயிற்றில் மூன்று நாள் விடாத வலி, லேசான காய்ச்சல். சி.டி. ஸ்கேனில் 'சிக்மாய்ட் டைவர்டிகுலைட்டிஸ், சிக்கல் இல்லை' என்று வந்தது. மாத்திரையிலேயே சரியானது. டிஸ்சார்ஜ் தாளில் நார்ச்சத்து வேண்டாம் என்று இருக்கிறது. எங்கள் குடும்ப டாக்டர் நார்ச்சத்து நிறைய கொடுங்கள் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, விதை உள்ள எதையும் தொடக்கூடாது என்கிறார். சாப்பாடு என்றால் இட்லி, சோறு, மீன் குழம்புதான். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போடுவார். கர்ப்பப்பை எடுத்து இருபது வருஷம் ஆகிறது. இரண்டு நாளாக அதே இடத்தில் மறுபடி லேசாக வலிக்கிறது என்கிறார். ராத்திரியில் அதிகமானால் எப்போது தூக்கிக்கொண்டு ஓடுவது?"
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்:

இந்த இரண்டு நாள் வலியை முதலில் பார்த்துவிடுவோம். சாப்பாட்டுப் பேச்சு அப்புறம்.

மாமியாரை மல்லாந்து படுக்கவைத்து முழங்கால்களை மடக்கச் சொல்லுங்கள். வலிக்கும் இடத்தைக் கையால் காட்டச் சொல்லுங்கள். பிறகு உங்கள் விரல்களைத் தட்டையாக வைத்து, வலி இல்லாத வலது பக்கத்தில் தொடங்கி, மெதுவாக அழுத்தியபடி இடது அடிவயிறு வரை வாருங்கள். கண் அவர் முகத்தில் இருக்கட்டும். "ஒண்ணுமில்லமா" என்று வாய் சொல்லும்போதே முகம் சுளிக்கும். வயதானவர்களிடம் முகத்தைத்தான் நம்ப வேண்டும். கடைசியாக ஒருமுறை இருமச் சொல்லுங்கள். காய்ச்சலைத் தெர்மாமீட்டரில் பாருங்கள், தொட்டுப் பார்ப்பது கணக்கில்லை.

வலி விட்டு விட்டு வருகிறது, மலமோ காற்றோ போனால் குறைகிறது, அழுத்தினால் சுளிப்பு இல்லை, காய்ச்சல் இல்லை, வழக்கம்போல் சாப்பிடுகிறார் என்றால், அது பெரும்பாலும் ஆறிவரும் குடலின் இழுப்பு. முதல் தாக்குதலுக்குப் பிறகு சில மாதங்கள்கூட இப்படி இருப்பதுண்டு. அந்த இடத்துக் குடல் சாதாரண காற்றழுத்தத்தையும் வலியாக உணரும். மாறாக வலி ஒரே இடத்தில் நிலையாக நிற்கிறது, அழுத்தினாலும் இருமினாலும் சுருக்கென்கிறது, நேற்றைவிட இன்று கூடுதல் என்றால் அழற்சி திரும்புகிறது. சர்க்கரை உள்ள 72 வயதுக்காரர், ஒரே மாதத்தில் மறுபடி வந்திருக்கிறது. இவரை அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். ரத்த வெள்ளை அணுக்கள், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இரண்டும் பார்த்தால் இழுப்பா அழற்சியா என்பது ஓரளவு தெளிவாகும். சிறுநீரகத்தின் நிலை தெரியக் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். சந்தேகம் மீதி இருந்தால் மறுபடி சி.டி. ஸ்கேன்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பின்னால் சொல்லப்போவது எல்லாம் எளிதில் புரியும். பெருங்குடலின் கடைசி வளைவுதான் சிக்மாய்ட். இடது இடுப்பெலும்புக்கு உள்பக்கம் கிடக்கிறது. மொத்தப் பெருங்குடலிலும் இங்கேதான் குழாய் குறுகல், அதனால் மலத்தை நகர்த்த அழுத்தமும் அதிகம். குடல் சுவரின் தசைக்குள் ரத்தக்குழாய்கள் நுழையும் இடங்கள் பலவீனமானவை. பல வருடம் அழுத்தம் பட்டுப்பட்டு, உள்தோல் அந்த ஓட்டைகள் வழியாக வெளியே புடைக்கிறது, தேய்ந்த சைக்கிள் டயரின் கிழிசலில் ட்யூப் புடைப்பது போல. இந்தச் சின்னப் பைகளுக்குப் பெயர் டைவர்டிகுலா. வயதாக ஆக இவை வருவது சகஜம். இருக்கும் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் வருவதில்லை, நூறு பேரில் ஐந்துக்கும் குறைவானவர்களுக்கே அழற்சி வருகிறது. அந்த அழற்சிதான் டைவர்டிகுலைட்டிஸ். பையின் சுவர் மெல்லியது, அதில் தசை கிடையாது. அழற்சியில் அது லேசாகக் கசிந்து, சுற்றியுள்ள கொழுப்பே அதை மூடிவிட்டால் "சிக்கல் இல்லை". மூடிய இடத்தில் சீழ் தேங்கினால், அல்லது மூடாமல் வயிற்றுக்குள் திறந்துவிட்டால், அது சிக்கல்.

இப்போது டிஸ்சார்ஜ் தாளுக்கும் குடும்ப டாக்டருக்கும் நடுவே உள்ள சண்டை. இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், வேறு வேறு நாட்களைப் பற்றி. அழற்சி உள்ள நாட்களில் குடலுக்கு வேலை குறைய வேண்டும், அதனால் நார் குறைவாக. வலி முழுதாக அடங்கியபின் மலம் மிருதுவாகவும் பருமனாகவும் இருந்தால் சிக்மாய்ட் குறைந்த அழுத்தத்தில் தள்ளிவிடும், அதனால் நார் அதிகமாக. தாளில் "எதுவரை" என்ற ஒரு வரி எழுதாமல் விட்டதுதான் கோளாறு. அந்த ஒரு வரி இல்லாமல் வருடக்கணக்கில் வெறும் இட்லியும் ரசம் சோறுமாக ஓட்டுகிறவர்கள் உண்டு. மலச்சிக்கல் முற்றி மறுபடி அதே வலியோடு வருவார்கள்.

ஆகவே இன்று செய்த சோதனையில் இழுப்புதான் என்று தெரிந்தால் நாளையிலிருந்தே நாரைக் கூட்டத் தொடங்கலாம். அழற்சி என்றால் அது அடங்கி, அழுத்தினாலும் வலி இல்லாத நிலை வந்து இரண்டு மூன்று நாள் ஆனபின் தொடங்குங்கள்.

எவ்வளவு? ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார். நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் மூன்று இட்லி, சாம்பார். மதியம் ஒரு ஆழாக்கு அளவுக்கு வடித்த சோறு, மீன் குழம்பு, ஒரு கரண்டி பொரியல். இரவில் இரண்டு தோசை என்று வைத்துக்கொள்வோம். தோராயமாக 12, 13 கிராம் தேறும். 100 கிராம் வெள்ளை அரிசியில் 3 கிராம்தான் நார். காசிமேட்டிலிருந்து எந்த மீன் வாங்கினாலும் அதில் நார் பூஜ்யம். மீன் கெடுதல் என்று சொல்லவில்லை, அவருக்கு நல்ல புரதம் அதுதான். தட்டில் மீனுக்கும் சோற்றுக்கும் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது என்கிறேன்.

மீதி 15, 16 கிராமை ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பி, வலி மறுபடி வந்துவிட்டதோ என்று எல்லோரும் பயந்து, மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும். முதல் வாரம் சாயந்தரம் டீயோடு தின்னும் பன்னையோ பிஸ்கட்டையோ எடுத்துவிட்டு, முழுப் பச்சைப்பயறு 30 கிராம் (காய்ந்த அளவு, ஒரு சின்னக் கைப்பிடி) ஊறவைத்து நன்றாக வேகவைத்துச் சுண்டல். இதில் 5 கிராம் வந்துவிடும். இரண்டாம் வாரம் மதியப் பொரியலை ஒரு கரண்டியிலிருந்து ஒரு கிண்ணமாக்குங்கள்: அவரைக்காய், கொத்தவரங்காய், வெண்டைக்காய், பீன்ஸ், எதுவானாலும் 100 கிராம் கூடுதலாகப் போட்டால் 4 கிராம். மூன்றாம் வாரம் இரவுத் தோசைக்குப் பதில் 50 கிராம் மாவில் கேழ்வரகு அடை, கூடவே ஒரு பிடி முருங்கைக்கீரை உருவிப் போட்டு. தோசையை எடுத்ததைக் கழித்தால் நிகரமாக 2, 3 கிராம். நான்காம் வாரம் ஒரு சின்னக் கொய்யா, 70, 80 கிராம். 5 கிராமுக்கு மேல் கிடைக்கும், சர்க்கரைக்காரருக்கும் ஆகும். எல்லாம் சேர்ந்தால் 28, 29க்கு வந்துவிடுகிறது. பல் இல்லாமல் கொய்யாவை மெல்ல முடியாவிட்டால் துருவிக் கொடுங்கள். வடிகட்டிய ஜூஸ் வேண்டாம், வடிகட்டும்போது போவதுதான் நமக்கு வேண்டிய சரக்கு.

கேழ்வரகு என்றதும் காலையில் தண்ணீராகக் கரைத்த கூழ் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று நினைப்பார்கள். அந்த டம்ளரில் மாவு இரண்டு ஸ்பூன் இருந்தால் பெரிது. நார் 2 கிராம்கூட வராது. கெட்டியாகக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு குடித்தால் கொஞ்சம் பொருள் இருக்கும்.

இப்படிச் சாப்பிட முடியவில்லை என்றால் இசப்கோல் உமி இருக்கிறது. 5 கிராம் உமியில் சுமார் 4 கிராம் நார். பாக்கெட்டோடு வரும் அளவுக் கரண்டியைப் பார்த்துப் போடுங்கள், ஏனென்றால் உமி எடையில்லாதது, வீட்டு ஸ்பூனில் அளவு தப்பும். முதல் வாரம் பாதி, அப்புறம் முழு அளவு. ஒரு முழு டம்ளர், அதாவது 250 மில்லி தண்ணீரில் கலக்கிய உடனே குடிக்க வேண்டும். வைத்திருந்தால் கொழகொழவென்று கெட்டியாகி இறங்காது. குடித்ததும் படுக்கக்கூடாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளுக்கும் இதற்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கும், குடல் சுருங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லப்பட்டவருக்கும் இசப்கோல் கொடுக்கக்கூடாது.

நாரைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்டாமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. காய்ந்த நார் குடலில் கட்டியாக நின்று, இருந்த மலச்சிக்கலை இன்னும் மோசமாக்கும். இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ இல்லாவிட்டால், நம் ஊர் வெயிலுக்கு இரண்டு லிட்டராவது போக வேண்டும். ராத்திரி பாத்ரூம் போக எழவேண்டுமே என்று பயந்து வயதான பெண்கள் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். காலையிலிருந்து சாயந்தரம் ஆறு மணிக்குள் பெரும்பங்கைக் குடிக்க வைத்துவிட்டால் அந்தப் பயம் தேவையில்லை. சரியாகப் போகிறதா என்பதற்கு மலமே சாட்சி: முக்காமல், மிருதுவாக, உருண்டைகளாக உடையாமல் வர வேண்டும். நார் ஏற்கெனவே உள்ள பைகளை மறையச் செய்யாது. அடுத்த அழற்சியின் வாய்ப்பைக் குறைக்கும், அவ்வளவுதான்.

விதை விஷயம். பக்கத்து வீட்டு அக்காவைக் குறை சொல்லாதீர்கள். பல வருடம் டாக்டர்களே அப்படித்தான் சொல்லிவந்தார்கள். விதை பைக்குள் மாட்டிக்கொள்ளும் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் 47,000க்கும் மேற்பட்ட ஆண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2008ல் வெளியானது. கொட்டைகளும் சோளப்பொரியும் நிறையச் சாப்பிட்டவர்களுக்கு அழற்சி கூடவில்லை, சொல்லப்போனால் குறைவாகவே இருந்தது. தக்காளி, கத்தரிக்காய், வெண்டை, கொய்யா, எள்ளு, வேர்க்கடலை எதையும் விலக்க வேண்டாம். விதைக்குப் பயந்து காயை விலக்கினால் நாரும் சேர்ந்து போய்விடுகிறது.

சாப்பாட்டைவிட எனக்குக் கவலை தருவது அந்த டைக்ளோஃபெனாக். இந்த வகை வலிமாத்திரைகள், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக், நாப்ரோக்சென் எல்லாமே, குடலின் உள்தோல் தன்னைக் காத்துக்கொள்ளும் தன்மையைக் குறைக்கின்றன. பைகள் உள்ளவருக்கு அவை ஓட்டை விழும் வாய்ப்பையும், பைகளிலிருந்து ரத்தம் கொட்டும் வாய்ப்பையும் கூட்டுகின்றன. சர்க்கரையும் பிரஷரும் உள்ளவரின் சிறுநீரகத்துக்கும் ஆகாது. மெடிக்கல் ஷாப்பில் "மூட்டு வலி மாத்திரை" என்று கேட்டால் தருவது பெரும்பாலும் இந்த வகைதான், சில நேரம் பாராசிட்டமாலோடு கலந்து. அட்டையின் பின்னால் உள்ள மருந்துப் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள். பதிலுக்கு வெறும் பாராசிட்டமால் 650 மி.கி., தேவைப்பட்டால் நாளுக்கு மூன்று முறை வரை. முழங்காலில் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லில் ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு, அது பரவாயில்லை. டிராமடால் மலச்சிக்கலைக் கூட்டும், அதுவும் வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ யாராவது எழுதினால், டைவர்டிகுலைட்டிஸ் வந்திருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். இதயத்துக்காகச் சின்ன ஆஸ்பிரின் சாப்பிடுகிறவராக இருந்தால் அதை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்; அதை நிறுத்துவதன் ஆபத்து வேறு.

அடுத்த முறை வலி வந்தால் வீட்டில் என்ன செய்யலாம்? டாக்டர் பார்த்து, சிக்கல் இல்லை, வீட்டிலேயே இருக்கலாம் என்று சொன்னபின் செய்வது இது. முதல் இரண்டு நாள் தெளிந்த திரவம்: வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், வண்டல் இல்லாத ரசம், உப்புச் சர்க்கரைக் கரைசல், சிறுநீரகம் சரியாக இருந்தால் இளநீர். வலி குறையத் தொடங்கியதும் குழைந்த சோற்றில் மோர், இட்லி, அவித்த முட்டை, முள் நீக்கிய வேகவைத்த மீன். கீரை, சுண்டல், கேழ்வரகு எல்லாம் காத்திருக்கட்டும். ஆன்டிபயாடிக் எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. ஆரோக்கியமானவருக்கு வரும் சிக்கலற்ற தாக்குதல் அது இல்லாமலே ஆறும் என்று ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் நடந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் வயதும் சர்க்கரையும் சேர்ந்த உங்கள் மாமியாரைப் போன்றவருக்குக் கொடுப்பதுதான் முறை. கொடுத்தால் சொன்ன நாள் வரை முடிக்க வேண்டும், போன முறை மீந்ததை நீங்களாக எடுத்துக் கொடுக்கவும் கூடாது.

திரவ உணவு நாட்களில் சர்க்கரை மாத்திரையில் கவனம் வேண்டும். கிளிமிபிரைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ வழக்கமான அளவில் போட்டுவிட்டு, வயிற்றில் கஞ்சித் தண்ணீர் மட்டும் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். வேர்த்துக்கொட்டி, பிதற்றினால் அது காய்ச்சலின் பிதற்றல் என்று நினைப்பீர்கள். வாந்தியோடு உடல் வறண்டால் மெட்ஃபார்மினையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். என்ன அளவு என்று டாக்டரிடம் அன்றே கேட்டு எழுதி வாங்குங்கள்.

வலி நேரத்தில் செய்யக்கூடாதது: விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, எனிமா. "மலம் கட்டியிருக்கு, வெளியேத்துனா சரியாயிடும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். வீங்கிய மெல்லிய சுவருக்குள் அழுத்தத்தை ஏற்றுவது அது. கேஸ் என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு விடியும் வரை காத்திருப்பதும், வலி ஊசி போட்டுத் தூங்கவைப்பதும் அதே ரகம். ஊசியில் வலி மறையும், உள்ளே நடப்பது நிற்காது.

இனி, எப்போது ஓடுவது. வலியின் கடுமையை வைத்து முடிவெடுக்காதீர்கள், அது பரவுகிறதா என்று பாருங்கள். இடது பக்கம் ஒரு உள்ளங்கை அளவில் இருந்த வலி வயிறு முழுக்கப் பரவி, வயிறு தொட்டால் விறைத்து, அவர் அசையாமல் முழங்காலை மடக்கிப் படுத்துவிட்டால், பை திறந்து வயிற்றுக்குள் பரவிவிட்டது என்று கொள்ளுங்கள். கல்லடைப்பு வலிக்காரர் புரளுவார், நிலைகொள்ளாமல் நடப்பார். இவர் அசையவே மறுப்பார். கட்டிலை யாராவது இடித்தால்கூட வலிக்கும். ஆட்டோ ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தாரா என்று டாக்டர் கேட்டால் வேடிக்கைக்குக் கேட்கவில்லை, அது ஒரு பரிசோதனை.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டி நடுக்கம் வந்தால், தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் வாந்தியானால், வயிறு உப்பி மலமும் காற்றும் இரண்டும் நின்றுபோனால், அதே இரவு போக வேண்டும், காலை ஓ.பி.க்குக் காத்திருக்கக்கூடாது. ஆனால் 72 வயதில் உடம்பு இந்தப் புத்தக அடையாளங்களைக் காட்டாமலே போகலாம், அதுவும் சர்க்கரை உள்ளவருக்கு. காய்ச்சல் வராது. வயிறு விறைக்காது. காலையில் நன்றாகப் பேசியவர் சாயந்தரம் நாள் குழம்பிப் பேசுவார், பெயர் மாற்றிக் கூப்பிடுவார், கூப்பிட்டால் கண் திறந்து மறுபடி மூடுவார், ஒண்ணுக்குப் போவது குறையும், மூச்சு வேகமாகும். படுத்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 100க்கு மேல் போவது மோசமான அறிகுறி. பிரஷருக்கு அடெனோலால், மெட்டோப்ரொலால் சாப்பிடுகிறவருக்கு நாடி அவ்வளவாக ஏறாமல் இருக்கலாம், அதனால் ஏறவில்லை என்று நிம்மதியடையாதீர்கள். இடது அடிவயிற்று வலியோடு இந்தக் குழப்பமோ சோர்வோ சேர்ந்தால் அதுவே போதும், கிளம்புங்கள்.

ரத்தம் தனிக் கதை. பைகளிலிருந்து வரும் ரத்தம் பெரும்பாலும் வலியில்லாமல் வரும், திடீரென்று, கருஞ்சிவப்பாகவோ பளிச்சென்றோ, கட்டிகளோடு கிண்ணம் நிறைய. வலி இல்லையே, மூலமாக இருக்கும் என்று உட்காராதீர்கள். துடைக்கும்போது ஒரு கீற்று என்பது வேறு, குபுக்கென்று போவது வேறு. பின்னதில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் 108ஐக் கூப்பிடுங்கள். வலியும் ரத்தமும் சேர்ந்து வந்தால் குடலுக்கு ரத்த ஓட்டம் குறைவது போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம், அதுவும் அவசரம்தான்.

மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளாகியும் வலியோ காய்ச்சலோ இறங்கவில்லை என்றால் சீழ் கட்டியிருக்கலாம். மறுபடி சி.டி. எடுத்து, கட்டி 3, 4 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஸ்கேன் பார்த்தபடி தோல் வழியாகக் குழாய் விட்டு வடிப்பார்கள். பலருக்குப் பெரிய ஆபரேஷன் இல்லாமலே முடிந்துவிடும்.

கர்ப்பப்பை எடுத்ததை நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. பெண்களுக்குக் குடலுக்கும் மூத்திரப்பைக்கும் நடுவே கர்ப்பப்பை நிற்கிறது. அது இல்லாதவருக்கு, அழற்சியடைந்த சிக்மாய்ட் நேராக மூத்திரப்பையில் ஒட்டி வழி உண்டாக்கிவிடலாம். ஒண்ணுக்குப் போகும்போது குமிழ் குமிழாகக் காற்று வந்தால், மூத்திரம் கலங்கி மல நாற்றம் அடித்தால், மூத்திரத் தொற்று, மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வந்தால் இந்த வழி உண்டாகியிருக்கலாம். பிறப்புறுப்பு வழியாகக் காற்றோ மலமோ வந்தாலும் இதே கதை. நடுராத்திரி ஓட வேண்டிய விஷயம் இல்லை, ஆனால் அந்த வாரத்திலேயே காட்ட வேண்டும். இதை மாமியார் மருமகளிடம் சொல்லக் கூச்சப்படுவார், நீங்களே கேட்டுவையுங்கள்.

போகும் இடத்தில் இரவிலும் சி.டி. ஸ்கேனும் அறுவைச் சிகிச்சை டாக்டரும் இருக்க வேண்டும். உங்கள் பகுதிக்கு ராயபுரம் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு பக்கத்தில் இருக்கிறது. சின்ன நர்சிங் ஹோமில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு விடியற்காலையில் அங்கேயே அனுப்பினால் போவது மணிக்கணக்கு. துறைமுகச் சாலைகளில் கண்டெய்னர் லாரி வரிசை நிற்கும் நேரத்தையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். கிளம்பும்போது பழைய சி.டி. படமும் ரிப்போர்ட்டும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும், கடைசி கிரியாட்டினின் ரிப்போர்ட்டும் ஒரு பையில். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சர்க்கரை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், இறங்கியிருந்தால் மட்டும் சர்க்கரைத் தண்ணீர்.

முதல் தாக்குதலில்தான் ஓட்டை விழும் ஆபத்து அதிகம், திரும்ப வரும் தாக்குதல்களில் குறைகிறது. அதனால் இரண்டு முறை வந்துவிட்டது, குடலை வெட்டியே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கு இப்போது இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் எதற்காக என்று கேளுங்கள்: சீழா, குடல் சுருங்கியிருக்கிறதா, மூத்திரப்பைக்கு வழி உண்டாகியிருக்கிறதா, அல்லது அடிக்கடி வந்து வாழ்க்கையே முடங்குகிறதா. எண்ணிக்கை மட்டும் காரணமாகாது.

மிச்சம் ஒரு வேலை: குடல் உள்நோக்குச் சோதனை, கொலனோஸ்கோபி. கடந்த ஒரு வருடத்துக்குள் செய்திருக்காவிட்டால், வலி அடங்கி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ஒருமுறை செய்ய வேண்டும். சி.டி.யில் குடல் சுவர் தடித்திருப்பது அழற்சியாலும் இருக்கலாம், புற்றுநோயாலும் இருக்கலாம். இந்த வயதில் அதைக் கண்ணால் பார்த்து விலக்கிவிடுவது நல்லது. அழற்சி இருக்கும்போது செய்தால் காற்று ஊதும் அழுத்தத்தில் ஓட்டை விழலாம், அதற்குத்தான் இந்த இடைவெளி. இப்போது மறுபடி அழற்சி என்று தெரிந்தால் வாரக் கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள். தேதி வாங்கும்போதே மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: முந்தைய நாள் பேதி மருந்து குடிக்கும்போது சர்க்கரை மாத்திரை எப்படி, பிரஷர் மாத்திரை காலையில் போடலாமா, ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது சாப்பிட்டால் அதை எப்போது நிறுத்துவது. பேதி மருந்து குடிக்கும் இரவு அவரைத் தனியாகப் பாத்ரூமுக்கு விடாதீர்கள். ஈரத்தரையும் தலைசுற்றலும் சேர்ந்து இடுப்பெலும்பு உடைந்து வருகிறவர்கள் உண்டு.